கண்ணீர், மண்டையோடு, புகார்: ஒரு பயணியின் பதிவைத் தொனி கெடாமல் தமிழாக்கும் முறை

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் சிலவற்றை விருந்தினருக்கு விட்டு, முன்கூட்டியே சொல்லி வருபவர்களுக்கு மதிய உணவும் போடுகிறார்கள். அங்கே சாப்பிட்டுப் போன ஓர் இளம்பெண் சமூக ஊடகத்தில் எழுதிய பதிவை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டாருக்கு அனுப்பியிருந்தார். பள்ளியில் படிக்கும் பேரன் அதைச் சொல்லுக்குச் சொல் வாசித்துப் பொருள் சொன்னான்: "கண்ணீர் வந்துச்சாம், மண்டையோடு போட்டிருக்காங்க, கடைசியில புகார் குடுத்தாச்சாம்." பந்தியில் நின்று பரிமாறிய ஆச்சிக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. மறுநாள் காலை, காரைக்குடியில் மொழிபெயர்ப்பும் தட்டச்சும் செய்துவரும் என்னிடம் அவருடைய மகன் அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

பதிவில் இருந்தது இவ்வளவுதான்:

```
ngl the lunch at this chettinad house had me in tears 😭😭
aachi said "just a little more" SIX times 💀
the floor tiles?? ate and left no crumbs
my waistband has filed a complaint 🙏
#Karaikudi #BananaLeafMeals #iykyk #notsponsored
```

பேரன் சொன்ன சொற்களில் எதுவும் அகராதிப்படி தவறில்லை. ஆனாலும் புகழ்ச்சியாக எழுதப்பட்ட ஐந்து வரிகள் அவன் வாயில் குற்றப்பத்திரிகையாகிவிட்டன. இத்தகைய பதிவை எப்படித் தமிழாக்குவது என்பதை இந்த ஒரே படத்தை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் படத்தைப் பாருங்கள், சொற்களைப் பிறகு பார்க்கலாம்

ஸ்கிரீன்ஷாட் என்பது ஒரு பதிவின் முழு உருவம் அன்று; யாரோ ஒருவர் தம் கைப்பேசித் திரையில் தெரிந்த அளவுக்கு வெட்டி எடுத்த துண்டு. ஆகவே பதிவின் கடைசி வரிக்குப் பின் "more" என்ற சொல் தெரிகிறதா, மேலே இது வேறொரு பதிவுக்கு எழுதிய மறுமொழி என்பதற்கான அடையாளம் இருக்கிறதா என்பவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். இதில் எனக்கு ஒரு பழைய சூடு உண்டு. பழம்பொருள் கடை ஒன்றைப் பற்றிய பதிவில் "இப்படியொரு கடையை நான் பார்த்ததே இல்லை" என்பதோடு படம் முடிந்திருந்தது. அதைப் பாராட்டு என்று எண்ணி மகிழ்ச்சியான தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வெட்டுப்பட்ட மீதியில், இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று எழுதியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து, "more" தெரிந்தால் முழுப் பதிவைக் கேட்டு வாங்காமல் நான் எழுத்தைத் தொடுவதில்லை.

பதிவின் ஓரத்தில் உள்ள சிறு எழுத்துகளும் பொருள் உடையவை. "2d" என்பது இரண்டு நாளுக்கு முன் என்று பொருள்படும். ஆனால் அது ஸ்கிரீன்ஷாட் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு நாள், நீங்கள் அதைப் பார்க்கும் நேரத்திலிருந்து அன்று. "1.2K" என்பதை ஏறத்தாழ 1,200 என்று எழுதலாம். எழுதியவரின் பெயரையும் முகப்படத்தையும் மொழிபெயர்ப்பில் சேர்க்கத் தேவையில்லை. வேறு எவருக்கும் காட்டப்போகிறீர்கள் என்றால் படத்திலேயே அவற்றை மறைத்துவிடுவதே முறை.

எழுத்தைக் கையால் பெயர்த்தெழுதுங்கள்

படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் வசதி இப்போது பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. நீண்ட கட்டுரைக்கு அது உதவும். ஐந்து வரிப் பதிவுக்கு அதை நம்பக் கூடாது. எமோஜிகளை அது பல வேளைகளில் விட்டுவிடும், அல்லது பொருளற்ற ஒரு குறியாக மாற்றிவிடும். இந்தப் பதிவில் எமோஜிகளை நீக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள், பேரன் சொன்ன கண்ணீரும் புகாரும்தான் மிஞ்சும்.

வரிவரியாகக் கையால் எழுதி, ஒவ்வொரு எமோஜிக்கும் பக்கத்தில் அது என்ன என்பதைச் சொல்லால் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது கட்டாயம். 😭 என்பதில் இரு கண்களிலிருந்தும் கண்ணீர் தாரையாக இறங்கும், வாய் அழுகையில் திறந்திருக்கும். 😂 என்பதில் வாய் சிரிக்கும், கண்ணோரத்தில் மட்டும் துளிகள் இருக்கும். சிறிய அளவில் இவ்விரண்டையும் மாற்றிக் கொள்வது மிக எளிது. மேலும், யூனிகோடு ஒவ்வொரு எமோஜிக்கும் ஓர் எண்ணையும் பெயரையும்தான் தருகிறது. உருவத்தை வரைவது அந்தந்தக் கைப்பேசி நிறுவனமும் செயலியும்தான். துப்பாக்கி எமோஜியை 2016-இல் ஆப்பிள் பச்சை நிறத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியபோது, அதே எழுத்து வேறு நிறுவனக் கைப்பேசிகளில் நிஜத் துப்பாக்கியாகவே தெரிந்தது. எழுதியவர் தம் திரையில் கண்டதும் படம் எடுத்தவரின் திரையில் தெரிவதும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

பெரிய எழுத்து, இரட்டைக் கேள்விக்குறி, ஒரே எமோஜி இருமுறை வருவது ஆகியவற்றையும் அப்படியே பெயர்த்தெழுத வேண்டும். இவை பிழைகள் அல்ல. குரலின் ஏற்றமும் இறக்கமும் இவற்றில்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு வரிக்கும் பச்சைப் பொருளை எழுதுங்கள்

நடையைப் பற்றிக் கவலைப்படாமல், இவர் என்ன சொல்ல வருகிறார் என்பதை வெறும் தமிழில் எழுதிவிடுவது அடுத்த படி. `ngl` என்பது "பொய் சொல்லப் போவதில்லை" என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். ஒன்றை ஒப்புக்கொள்ளும் முன் சொல்வது. முதல் வரியின் பச்சைப் பொருள்: உணவு அழுகை வரும் அளவுக்கு நன்றாக இருந்தது. இரண்டாம் வரி: போதும் என்றாலும் விடாமல் பரிமாறினார், அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. 💀 என்பதற்கு இளைஞர் வழக்கில் "சிரித்துச் சிரித்துச் செத்தேன்" என்பதே பொருள். சாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்றாம் வரிதான் பொறி. உணவைப் பற்றிய பதிவில் "தின்றது, பருக்கை மிச்சம் வைக்கவில்லை" என்று வந்தால் எவரும் உணவைப் பற்றிய பேச்சு என்றே நினைப்பர். உண்மையில் அது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பேச்சிலிருந்து இணையமெங்கும் பரவிய ஒரு பாராட்டு; ஒருவர் நடனமாடியோ உடுத்தியோ பாடியோ குறையே இல்லாமல் அசத்திவிட்டார் என்றால் இப்படிச் சொல்வார்கள். இங்கே அசத்தியது தரை. வாக்கியத்தின் எழுவாய் எது என்று ஒரு முறை கேட்டுக்கொண்டாலே இந்தப் பிழை நேராது: தரைக் கற்கள் எதையும் தின்ன முடியாது, ஆகவே இது கொச்சை வழக்கு. பொருள் தெரியாத வழக்கு வந்தால் அதே தொடரை வேறு சிலர் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நான்கைந்து பதிவுகளைத் தேடிப் பாருங்கள். ஒரே ஒரு விளக்கத்தை நம்பினால், பழைய பொருளோ வேறு வட்டாரப் பொருளோ உங்களை ஏமாற்றிவிடும்.

நான்காம் வரி: வயிறு நிறைந்துவிட்டது, இடுப்புப் பட்டை இறுகுகிறது. புகார் கொடுத்தது பேண்ட். அந்தப் பெண் அல்ல.

தொனியைத் தமிழில் தேடுங்கள்

இங்கேதான் நேரம் செலவாக வேண்டும். பச்சைப் பொருளை அப்படியே கொடுத்தால் செய்தி போய்ச் சேரும், ஆள் போய்ச் சேரமாட்டார். இந்தப் பதிவின் குரல் எது? இருபதுகளில் உள்ள ஒருத்தி, தன் தோழிகளிடம், மிகைப்படுத்தி, தன்னையே கேலி செய்துகொண்டு, ஆச்சியின் மீது அன்போடு பேசுகிறாள். தமிழில் அதே வயதில் அதே மனநிலையில் இருப்பவள் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுதும் நடையில் அதை எழுதினால் அந்தப் பெண்ணுக்கு அறுபது வயது கூடிவிடும்.

`ngl` என்பதற்கு நமக்குத் தேட வேண்டியதே இல்லை. "சும்மா சொல்லக் கூடாது" என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். கண்ணீரில்தான் சிக்கல். செட்டிநாட்டுச் சாப்பாடு என்றதும் "கண்ணில் தண்ணீர் வந்தது" என்றால் எவரும் மிளகாய்க் காரம் என்றே கொள்வர். "அழ வச்சிருச்சு" என்றாலோ குறை கூறுவதாகிவிடும். ஆகவே மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை நான் சேர்த்தேன்: "ருசியிலயே அழுதுட்டேன்." அந்த ஒரு சொல் இரண்டு தவறான வாசிப்புகளையும் அடைத்துவிடுகிறது. பொருளைக் காக்க ஒரு சொல் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளனின் உரிமை. புதிய கருத்தைச் சேர்ப்பது அன்று.

இரண்டாம் வரியில் மேற்கோள் குறிக்குள் இருப்பது ஆங்கிலமாக இருந்தாலும், ஆச்சி பேசியது தமிழ். அதை மறுபடி மொழிபெயர்த்து "இன்னும் சற்றே" என்றெல்லாம் எழுதுவதை விட, சொன்னவரிடமே கேட்டுவிடுவது நல்லது. மகனிடம் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். "கொஞ்சூண்டுதான், வச்சுக்கத்தா" என்பதே ஆச்சியின் வழக்கமான சொல் என்று தெரிந்தது. எந்த அகராதியும் இதைத் தந்திருக்காது.

அதே வரியில் `SIX` பெரிய எழுத்தில் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. தடித்த எழுத்தோ ஆச்சரியக் குறியோ அந்த வேலையைச் செய்வதில்லை. நாம் அழுத்தம் கொடுப்பது சொல்லாலும் இடத்தாலும். "ஒண்ணில்ல ரெண்டில்ல, ஆறு தடவ" என்றால் அழுத்தம் தானாக வந்துவிடும். அதோடு, தமிழ் வாக்கியம் வினையில் முடிவது வழக்கம் என்பதால், "ஆறு தடவ சொன்னாங்க 💀" என்று எழுதினால் எண் நடுவில் புதைந்துபோகும். மூலத்தில் சிரிப்பு வெடிப்பது ஆறு என்ற எண்ணிலும் அதை ஒட்டிய எமோஜியிலும்தான். எனவே "சொன்னது" என்று வினையைப் பெயராக்கி முன்னே கொண்டுவந்து, எண்ணைக் கடைசிக்குத் தள்ளினேன்.

மூன்றாம் வரியின் `??` கேள்வி அன்று; அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்ற வியப்பு. தமிழில் அதன் பெயர் "இருக்கே". "தரை டைல்ஸ் இருக்கே…" என்று தொடங்கினாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்து, அசத்தியதைச் சொல்ல "வேற லெவல்" என்று எழுதலாம். ஆனால் அது எல்லாவற்றுக்கும் பயன்பட்டுத் தேய்ந்த காசு. "பின்னிப் பெடலெடுத்துருச்சு" என்பதில் பருக்கை மிச்சம் வைக்காத அந்த மிகையும் விளையாட்டும் அப்படியே இருக்கின்றன. அதுவும் ஆடுபவரையும் விளையாடுபவரையும் பாராட்டப் பிறந்த தொடர்தான். அது சற்றுப் பழைய இளைஞர் மொழி என்ற ஒரு தயக்கம் எனக்கு உண்டு. கொச்சை வழக்கை மொழிபெயர்க்கும்போது, பொருளைப் போலவே சொல்லின் வயதும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முழுப் பொருத்தம் கிடைக்காதபோது நான் வயதை விட்டுக்கொடுத்து விளையாட்டைக் காப்பேன்.

படத்தில் தெரிந்த தரை, சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். அந்தப் பெயரை மொழிபெயர்ப்பில் சேர்க்கலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். எழுதியவளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால் எழுதியிருப்பாள். அவள் அறியாததை அவள் வாயில் போட்டால் பதிவு விளம்பரமாகிவிடும்.

எமோஜிகள்: வைப்பதா, மாற்றுவதா

எமோஜிகளுக்கு மொழி இல்லை என்று சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. 🙏 நமக்கு வணக்கம், நன்றி, கோயில். இந்தப் பதிவில் அது கெஞ்சல்: போதும், விட்டுவிடுங்கள். நல்லவேளையாகத் தமிழிலும் "ஆள விடுங்க சாமி" என்று கைகூப்பும் வழக்கம் இருப்பதால், புகார் என்ற சொல்லை அடுத்து வரும்போது இளைஞர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொள்வர். ஆகவே அதை அப்படியே விட்டேன்.

💀 அப்படி அன்று. இளைஞர் வாசிக்கும் வடிவத்தில் அது இருக்கலாம். நம் இளைஞரும் அதே பொருளில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எழுபது வயது ஆச்சிக்கு, அவர் பரிமாறிய பந்தியைப் பற்றிய எழுத்தின் நடுவே ஒரு மண்டையோடு என்பது அமங்கலம். எத்தனை விளக்கினாலும் அந்த உறுத்தல் போகாது. அதற்குப் பதிலாக 😂 போட்டுவிடலாம் என்று தோன்றும். அது வேறொரு தவறு, ஏனெனில் இன்றைய இளைஞர் பலருக்கு 😂 அப்பா அம்மா தலைமுறையின் சிரிப்பு. எழுதியவளின் குரல் மூத்துவிடும். எமோஜியை எடுக்க வேண்டி வந்தால் வேறோர் எமோஜியைத் தேடாமல் சொல்லுக்குப் போவதே நல்லது. "முடியல" என்ற ஒரு சொல் போதும்.

இதிலிருந்து தெரிவது, ஒரு பதிவுக்கு ஒரே மொழிபெயர்ப்பு என்று இல்லை என்பதே. வாசிப்பவர் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் இரண்டு வடிவம் எழுதுங்கள். இளைஞர் வாசிப்பதற்கு நான் எழுதியது:

"சும்மா சொல்லக் கூடாது, இந்தச் செட்டிநாட்டு வீட்டு மதியச் சாப்பாடு… ருசியிலயே அழுதுட்டேன் 😭😭
'கொஞ்சூண்டுதான், வச்சுக்கத்தா'னு ஆச்சி சொன்னது ஒண்ணில்ல ரெண்டில்ல, ஆறு தடவ 💀
தரை டைல்ஸ் இருக்கே… பின்னிப் பெடலெடுத்துருச்சு
என் பேண்ட் இடுப்பு புகாரே குடுத்துருச்சு 🙏"

ஆச்சிக்கு வாசித்துக் காட்ட எழுதியதில் எமோஜி ஒன்றும் இல்லை. அவை செய்த வேலையைச் சொற்கள் செய்தன:

"சும்மா சொல்லக் கூடாது, இந்த வீட்டுச் சாப்பாட்டு ருசியில எனக்கு அழுகையே வந்துருச்சு. 'கொஞ்சூண்டுதான், வச்சுக்கத்தா'னு ஆச்சி சொன்னது ஒண்ணில்ல ரெண்டில்ல, ஆறு தடவ, சிரிச்சு முடியல. தரையில பதிச்ச கல்லு இருக்கே, அவ்வளவு அழகு. சாப்பிட்ட சாப்பாட்டுல இடுப்புல பேண்டே இறுகிப் போச்சு, சாமி!"

இரண்டாம் வடிவத்தில் புகார் என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஓர் இரவு முழுக்க அந்தச் சொல்லால் தவித்தவருக்கு அதையே மறுபடி நகைச்சுவையாகக் கொடுப்பது எடுபடாது.

ஹேஷ்டேக்குகள்

எல்லா ஹேஷ்டேக்கும் ஒரே வகை அன்று. 2007-இல் ட்விட்டரில் முன்வைக்கப்பட்டபோது அதன் நோக்கம் ஒரே பொருளைப் பற்றிய பேச்சுகளைத் திரட்டுவதுதான். இன்று பாதி ஹேஷ்டேக்குகள் வாக்கியத்தின் வாலில் சொல்லும் கிண்டல். `#Karaikudi` தேடுவதற்கானது. அதை எழுத்து மாறாமல் வைக்க வேண்டும். #காரைக்குடி என்று மாற்றினால் அது வேறொரு திரட்டுக்குப் போகும். இரண்டும் வேண்டுமென்றால் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். `#BananaLeafMeals` என்பதற்கும் அதுவே முறை. தமிழில் #வாழையிலைச்சாப்பாடு என்று இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும், இடைவெளி வந்தால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும். ஒற்று மிகுவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பிறர் ஒற்றில்லாமல் எழுதியிருந்தால் உங்கள் பதிவு அவர்களுடைய திரட்டில் சேராது என்பதையும் அறிந்து முடிவெடுங்கள்.

`#iykyk` என்பது "தெரிந்தவர்களுக்குத் தெரியும்" என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். இது தேடலுக்கானது அன்று, கண்சிமிட்டல். ஹேஷ்டேக் உருவத்தை விட்டுவிட்டு, "சாப்பிட்டவங்களுக்குத்தான் தெரியும்" என்று கடைசி வரியாகச் சேர்த்தேன்.

`#notsponsored` என்பதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அது தொனி அன்று, தகவல்: இதற்காகப் பணமோ இலவசமோ பெறவில்லை என்ற அறிவிப்பு. இதன் எதிர்ப்பக்கமான `#ad`, `#sponsored` போன்றவை இன்னும் முக்கியம். பணம் பெற்று எழுதும் பதிவுகளில் அதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர அமைப்பு 2021-இல் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. இத்தகைய குறிகளை விளையாட்டு மொழியில் மாற்றாமல், "காசு வாங்கி எழுதியதில்லை", "விளம்பரம்" என்று நேராக எழுதுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

எழுதி முடித்ததும் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆம் என்பார்கள். எழுதியவருக்கு என்ன வயது இருக்கும், கோபமா மகிழ்ச்சியா, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் முதல் வரைவைப் படித்துவிட்டு, "ஒரு ஆன்ட்டி எழுதின மாதிரி இருக்கு, சித்தப்பா" என்றாள். "மிகவும்" என்ற ஒரு சொல்லை நான் எங்கோ விட்டுவைத்திருந்தேன். அதை எடுத்ததும், இருபத்தைந்து இருக்கும் என்றாள். சிரிப்பு ஆறில் வந்தது.

அந்த வீட்டின் சமூக ஊடகப் பக்கத்தில் இதை வெளியிட மகன் விரும்பினார். பதிவு எழுதியவளுடையது; அவளிடம் ஒரு வரி கேட்டு ஒப்புதல் பெற்ற பிறகு, மூலப் படத்தின் மேல் எதையும் எழுதாமல், கீழே தமிழைத் தனியாகப் போட்டு, தமிழாக்கம் என்று குறிக்கும்படி சொன்னேன்.

அன்று மாலை ஆச்சிக்கு இரண்டாம் வடிவத்தை மகனே தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆறா? அஞ்சு தடவதான வச்சேன்" என்றாராம், எண்ணிக்கையைத் திருத்த முடியுமா என்று மகன் என்னைக் கேட்டார். மூலத்தில் ஆறு என்றுதான் இருக்கிறது என்று சொல்லி அப்படியே விட்டேன்.